‘மே கன்டெய்ன்’ என்று போடாத பாக்கெட்

குழந்தைக்கு நட்ஸ் அலர்ஜி என்று புதிதாகத் தெரியவந்த அம்மாக்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “‘மே கன்டெய்ன் நட்ஸ்’னு போட்டிருந்தா வாங்கலாமா, கூடாதா?” நான் திருப்பி ஒன்று கேட்பேன். “அப்படி எதுவும் போடாத பாக்கெட்டை என்ன பண்றீங்க?” பெரும்பாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதை வாங்கிடுவோம்” என்பார்கள். இந்தப் பதிவு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். மகளுக்கு ஆறு வயது. நிலக்கடலையும் முந்திரியும் ஆகாது. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டின் புரதங்களும் மிக நெருங்கியவை என்பதால் பிஸ்தாவையும் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். பாதாம் ஒத்துக்கொள்கிறது; அதை டாக்டர் முன்னிலையில் கொடுத்துப் பார்த்தே உறுதி செய்தோம். ஆகவே நான் பாக்கெட்டில் தேடுவது மூன்று பெயர்களை. ஆனால் பாக்கெட்காரர்கள் பல நேரம் ‘நட்ஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது பாதாமா, முந்திரியா, எல்லாமுமா என்று கவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படி இருந்தால் முந்திரி என்றே எடுத்துக்கொண்டு திரும்ப அடுக்கில் வைத்துவிடுவேன்.

இந்தியாவில் விற்கும் பாக்கெட் உணவுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ 2020இல் வெளியிட்ட லேபிள் விதிகள் பொருந்தும். அலர்ஜி விஷயத்தில் நமக்கு வேண்டியது கவரின் பின்பக்கத்தில் மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, சேர்மானப் பட்டியல், அதாவது ‘இங்கிரீடியன்ட்ஸ்’. எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில் இருக்கும். இரண்டாவது, ‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் வரி. கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, ஓர் அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட் என்று ஒரு பட்டியல் விதியிலேயே உண்டு. இவற்றில் எதைச் சேர்த்தாலும் அந்த வரியில் பெயர் சொல்லியாக வேண்டும். இது கட்டாயம்.

மூன்றாவதுதான் ‘மே கன்டெய்ன்’. அலர்ஜிப் பொருளை யாரும் வேண்டுமென்று சேர்க்கவில்லை, ஆனால் அதே மிஷினிலோ அதே கூடத்திலோ வேறு பண்டத்துக்காக அது ஓடியிருக்கிறது, தூளோ துணுக்கோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று சொல்லும் வரி. விதியின் வாசகம் இங்கே ‘அறிவிக்கலாம்’ என்ற தொனியில் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டைப் போல ‘அறிவிக்க வேண்டும்’ என்று இல்லை. எவ்வளவு துணுக்கு இருந்தால் போட வேண்டும், எவ்வளவுக்குக் கீழே போனால் போட வேண்டியதில்லை என்று ஓர் எல்லையும் கிடையாது. ஒரு கம்பெனி எதையும் சோதிக்காமலேயே எல்லா பாக்கெட்டிலும் அச்சடிக்கலாம். இன்னொரு கம்பெனி முந்திரி பிஸ்கட் ஓடிய அதே பெல்ட்டில் தேங்காய் பிஸ்கட்டை ஓட்டிவிட்டு ஒன்றுமே அச்சடிக்காமலும் விடலாம்.

இதை உள்வாங்கிக்கொண்டால் கடையில் நிற்கும் விதமே மாறிவிடும். ‘கன்டெய்ன்ஸ்’ வரியில் நிலக்கடலை இல்லை என்றால், நிலக்கடலை சேர்க்கப்படவில்லை என்று ஓரளவு நம்பலாம், சட்டம் அதன் பின்னால் நிற்கிறது. ‘மே கன்டெய்ன்’ வரி இல்லை என்றால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த இடத்தில் கம்பெனி பேசவில்லை, அவ்வளவுதான். அவர்களுக்குத் தனி மிஷின் இருக்கிறதா, இல்லை யாரும் யோசிக்கவே இல்லையா என்பது அந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தெரியாது. எச்சரிக்கை போட்ட கம்பெனி நம்மைப் பற்றி ஒரு முறையாவது யோசித்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எச்சரிக்கை போட்டதற்காக அவர்களைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்தது, வாசகங்களின் சாயல். ‘மே கன்டெய்ன் ட்ரேசஸ் ஆஃப் நட்ஸ்’, ‘நட்ஸ் கையாளும் ஆலையில் தயாரிக்கப்பட்டது’, ‘நட்ஸ் ஓடும் அதே கருவியில் தயாரிக்கப்பட்டது’ என்று மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். படிக்கும்போது தானாகவே ஓர் ஏணி மனத்தில் வந்துவிடும்: ஒரே கருவி என்றால் ஆபத்து அதிகம், ஒரே ஆலை என்றால் கொஞ்சம் குறைவு, ‘ட்ரேசஸ்’ என்றால் பேருக்குத்தான். அப்படி ஓர் ஏணி கிடையாது. எந்த வாசகத்தை எப்போது போடுவது என்று வரையறுத்தவர் யாரும் இல்லை. அந்தந்தக் கம்பெனியின் வழக்கறிஞரோ தரப்பிரிவோ தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்கிறார்கள். 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. நிலக்கடலை எச்சரிக்கை அச்சிட்ட பண்டங்களைக் கடையில் வாங்கி ஆய்வகத்தில் பார்த்தபோது, சுமார் பத்தில் ஒன்றில் உண்மையாகவே நிலக்கடலை இருந்தது. பெற்றோர்களோ ‘ஒரே ஆலை’ வாசகத்தை மற்றவற்றைவிட எளிதாக ஒதுக்கிவிட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பத்தில் ஒன்று என்பதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஒன்பதில் இல்லையே என்று சொல்கிறவர் உண்டு. அந்த ஒன்பது எவை என்று கவரில் எழுதியிருந்தால் நானும் அந்தக் கட்சிக்குப் போய்விடுவேன். 2010இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு, முட்டை, பால், நிலக்கடலை மூன்றையும் சேர்த்துப் பார்த்தது. எச்சரிக்கை போட்ட பண்டங்களில் 5.3 சதவீதத்தில் அலர்ஜிப் பொருள் கிடைத்தது. எச்சரிக்கை எதுவும் போடாதவற்றில் 1.9 சதவீதத்தில். இரண்டாவது எண் சிறியதுதான். ஆனால் அது பூஜ்ஜியம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அதே பிஸ்கட்டை நேற்று வரை தின்றாள், ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் ஒரு வாதம் வரும். எங்கள் வீட்டில் இது அத்தையின் வாதம். அவர் சொல்வதில் உள்ள பிழையைப் புரிந்துகொள்ள ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சாக்லேட்டை எடுத்துக்கொள்வோம். சாக்லேட் ஓடும் குழாய்களையும் தொட்டிகளையும் தண்ணீர் ஊற்றிக் கழுவ மாட்டார்கள். ஒரு சொட்டு ஈரம் மிஞ்சினாலும் சாக்லேட் கட்டிதட்டிப் போகும். ஈரம் இருந்தால் கிருமியும் வளரும். ஆகவே சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த சாக்லேட்டையோ கொக்கோ வெண்ணெயையோ உள்ளே விட்டு ஓட்டி, பழையதைத் தள்ளி வெளியேற்றுவார்கள். கொட்டை சேர்த்த பார் ஓடிய பிறகு சாதா பார் ஓடினால், முதலில் வருவதில் மிச்சம் அதிகம் இருக்கும். போகப் போகக் குறையும். எவ்வளவு தள்ளிவிட்டு பேக் செய்யத் தொடங்குகிறார்கள் என்பது அந்த ஆலையின் ஒழுங்கைப் பொறுத்தது. அக்கறையான ஆலை சாதாவை முதலில் ஓட்டி, கொட்டை உள்ளதைக் கடைசியில் வைத்து, பிறகு விரிவாகச் சுத்தம் செய்யும். ஆக, ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பார்களில் ஒன்று மாற்றத்துக்குப் பிந்தைய முதல் கிலோவிலிருந்தும், இன்னொன்று மறுநாள் ஓட்டத்திலிருந்தும் வந்திருக்கலாம்.

இதோடு துணுக்கு என்ற சிக்கலும் உண்டு. பால் போன்றது கலந்தால் மாவு முழுக்கப் பரவும். கடலைத் துண்டு பரவாது. ஆயிரம் பிஸ்கட்டில் ஒன்றில் முழுசாக உட்கார்ந்திருக்கும். மற்ற தொள்ளாயிரத்துச் சொச்சத்தைத் தின்று பார்த்து அந்த ஒன்றைப் பற்றி எதையும் அறிய முடியாது. ஆலையே மாதிரி எடுத்துச் சோதித்தாலும் அது தப்பிவிட வாய்ப்புண்டு. அத்தையிடம் இதைச் சொன்னபோது, “அப்போ எதைத்தான் தின்கிறது?” என்றார். நியாயமான கேள்விதான், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு, நிலக்கடலைக்கு 2 மில்லிகிராம் புரதம் என்று ஓர் எல்லையைப் பரிந்துரைத்தது. முந்திரிக்கு 1 மில்லிகிராம். ஒரு வேளை சாப்பாட்டில் இந்த அளவு உள்ளே போனால், அந்த அலர்ஜி உள்ளவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு எதுவும் தெரியாது என்பது அதன் பொருள். ஒரு நிலக்கடலைப் பருப்பில் புரதம் சுமார் 250 மில்லிகிராம் இருக்கும். அப்படியென்றால் பருப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த எண் எச்சரிக்கை போடுவதற்கான அளவுகோலாக வந்தால் நம் வேலை எளிதாகும். இன்று நம் கையிலுள்ள பிஸ்கட் கவரில் ‘மே கன்டெய்ன்’ போட்டதும் போடாததும் இந்த எண்ணைப் பார்த்து முடிவானதல்ல.

சரி, ஒரு பாக்கெட்டை எடுத்து முழுதாகப் படித்துப் பார்ப்போம். பெயர் சொல்லவில்லை, ஊரெங்கும் கிடைக்கும் ஒரு தேங்காய் பிஸ்கட். சேர்மானம்: மைதா, சர்க்கரை, பாமாயில், உலர்ந்த தேங்காய்த் துருவல், பால் பொருள், உப்பு, சோடா வகைகள், சோயா லெசித்தின், மாவைப் பதப்படுத்தும் ஐஎன்எஸ் 223. கீழே ‘கன்டெய்ன்ஸ்: வீட், மில்க், சோயா, சல்ஃபைட்’. (அந்த 223 தான் சல்ஃபைட்டுக்குக் காரணம்.) நிலக்கடலை, முந்திரி, பிஸ்தா எங்கும் இல்லை. எண்ணெய் பாமாயில், அதிலும் கவலை இல்லை. ‘மே கன்டெய்ன்’ வரி இல்லை. பலர் இங்கே நிறுத்திக் கூடையில் போட்டுவிடுவார்கள்.

நான் அடுத்து பார்ப்பது அந்தக் கம்பெனியின் மற்ற சரக்குகளை. அதே அடுக்கில், அதே கம்பெனியின் முந்திரி பிஸ்கட் இருந்தது. ஆக, இவர்கள் எங்கோ முந்திரியைக் கையாளுகிறார்கள். எங்கே என்பதுதான் கேள்வி. அதற்கு விடை பாக்கெட்டிலேயே பாதி இருக்கிறது. பெரிய கம்பெனிகள் ஒரே பிஸ்கட்டைப் பல ஊர்களில் செய்விக்கும். கவரில் நாலைந்து முகவரிகள் பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து. ‘தயாரித்த இடத்துக்கு பேட்ச் எண்ணின் முதல் எழுத்தைப் பார்க்கவும்’ என்று ஒரு குறிப்பும் இருக்கும். ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண். தேதி அச்சடித்த இடத்தில் பேட்ச் எண்ணைப் பார்த்தேன், ‘பி’யில் தொடங்கியது. நான் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், “எல்லாம் ஒரே பிஸ்கட்தானேக்கா, எதை எடுத்தா என்ன?” என்றார். “பிஸ்கட் ஒண்ணுதான் அண்ணாச்சி, பிறந்த ஊர் வேற” என்றேன்.

கவரில் உள்ள வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசினால் முதலில் கிடைப்பது மனப்பாடப் பதில்: “மேடம், எங்க ப்ராடக்ட்ல நட்ஸ் சேர்க்கறதில்லை.” அது நமக்கே தெரியும், கவரிலேயே இருக்கிறது. கேட்கும் கேள்வியை மாற்றினால்தான் பதில் மாறும். நான் கேட்பது மூன்று. இந்த பேட்ச் ஓடிய அதே லைனில் நிலக்கடலை, முந்திரி அல்லது பிஸ்தா சேர்த்த எதுவும் ஓடுகிறதா? ஓடினால், நடுவில் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், தண்ணீரா, துடைப்பா, காற்றா? சுத்தம் செய்தபின் மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்கிறீர்களா? இந்த மூன்றையும் பேட்ச் எண், உரிம எண், கவரின் படத்தோடு மின்னஞ்சலில் அனுப்புவது மேல். போனில் பேசுகிறவருக்குத் தெரியாதது தரப்பிரிவுக்குத் தெரியும். எழுத்தில் கேட்டால் அங்கே போகும்.

இந்தத் தேங்காய் பிஸ்கட்டுக்குப் பதில் வந்தது. பி ஆலையில் அதே அடுப்பு லைனில் முந்திரி பிஸ்கட்டும் ஓடுகிறது, நடுவில் துடைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்கிறோம், முந்திரி மிச்சத்துக்கென்று தனிச் சோதனை இல்லை. டி ஆலையில் கொட்டை எதுவும் இல்லை. எனக்கு இது மிக நல்ல பதில். பெல்ட், அடுக்கி, பொட்டலம் கட்டும் மிஷின் என்று காற்றடித்தால் போகாத மூலைகள் நிறைய இருக்கும். காற்றடிப்பது தூளைப் பக்கத்து மிஷினுக்குத் தள்ளவும் செய்யும். ஆகவே பி வேண்டாம். டி வாங்கலாம். அந்தக் கடிதத்திலேயே ‘உற்பத்தித் திட்டம் மாறக்கூடும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதனால் அவ்வப்போது மறுபடி கேட்டுக்கொள்கிறேன். ‘எங்களால் சொல்ல இயலாது’ என்று எழுதும் கம்பெனிகளும் உண்டு. அதையும் பதிலாகவே எடுத்துக்கொண்டு, அந்தச் சரக்கை எங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன். பதிலே போடாதவர்களுக்கும் அதே கதி.

இப்போது சட்டமே கைவிடும் இடங்கள். நம் ஊர்ச் சமையலறையில் இவைதான் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலாவது எண்ணெய். அலர்ஜிப் பொருளிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு ‘கன்டெய்ன்ஸ்’ அறிவிப்பு தேவையில்லை என்று விதி சொல்கிறது. அதாவது கடலை எண்ணெயில் பொரித்த முறுக்குப் பாக்கெட்டில் ‘கன்டெய்ன்ஸ் பீநட்’ இல்லாமல் இருக்கலாம். சட்டப்படி அது தவறில்லை. சேர்மானப் பட்டியலில் எந்த எண்ணெய் என்று பெயர் சொல்ல வேண்டும், ஆகவே அங்கே பார்த்தால் தெரியும். ‘கன்டெய்ன்ஸ்’ வரியை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. 1997இல் பிரிட்டனில் நிலக்கடலை அலர்ஜி உள்ள 60 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்: சுத்திகரித்த எண்ணெய்க்கு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சுத்திகரிக்காததற்கு ஆறு பேருக்கு எதிர்வினை வந்தது. விதி எல்லா எண்ணெயையும் ஒரே தட்டில் வைத்து விலக்குக் கொடுத்துவிட்டது. நம் பக்கம் செக்கு எண்ணெய்தான் இப்போது மவுசு. ‘மரச்செக்குக் கடலை எண்ணெயில் செய்தது’ என்று பெருமையாக முன்பக்கம் போடும் மிக்சர் பாக்கெட், என் மகளுக்கு நிலக்கடலை போட்ட பாக்கெட்தான்.

செக்கைப் பற்றி இன்னொன்று. ஊர்ச் செக்கில் காலையில் நிலக்கடலை, மதியம் எள், சாயந்தரம் கொப்பரை என்று ஒரே உரலில் ஆட்டுவது சாதாரணம். அந்த நல்லெண்ணெய் பாட்டிலில் ‘செக்கு நல்லெண்ணெய்’ என்று மட்டும்தான் இருக்கும், அது பொய்யும் இல்லை. முதலில் வழியும் எண்ணெயில் முந்தைய கடலையின் மிச்சம் இருக்கும். செக்குக்காரரிடம் நேரில் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார். கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்ற வேண்டும், அதுதான் பிரச்சினை. நாங்கள் வீட்டுக்குச் சுத்திகரித்த எண்ணெய்க்கு மாறிவிட்டோம். உறவினர்கள் இதை உடல்நலத் துரோகமாகப் பார்க்கிறார்கள், பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, தானியமும் பருப்பும். பதப்படுத்தாத விளைபொருளுக்கு அலர்ஜி அறிவிப்பிலிருந்து விலக்கு உண்டு. துவரம்பருப்பு, உளுந்து, எள் எல்லாம் அதில் வரும். ஆனால் அவற்றைப் பாக்கெட் போடும் கூடத்தில், அதே தராசு மிஷினில் நிலக்கடலையும் முந்திரியும் போடுகிறார்களா என்று கவர் சொல்லாது. சூப்பர் மார்க்கெட்டுகள் மூட்டையாக வாங்கித் தங்கள் பெயரில் சின்னப் பாக்கெட் போடுவது இந்த வகை. பொட்டுக்கடலை இன்னும் மோசம்: வறுக்கிறவர்கள் பல இடங்களில் அதே மணல் சட்டியில் நிலக்கடலையும் வறுக்கிறார்கள். துணுக்குகள் கண்ணுக்குத் தெரிந்தால் நல்லது. நான் பருப்பைத் தட்டில் பரப்பிப் பார்ப்பேன், ஒரு சிவப்புத் தோல் இருந்தால் அந்தப் பாக்கெட் முழுக்கப் போய்விடும். மாவாக வாங்கினால் அந்த வசதியும் இல்லை. ஆகவே சட்னிக்கும் முறுக்குக்கும் வேண்டிய மாவை முழுப் பருப்பாக வாங்கி, கழுவி, காயவைத்து வீட்டிலேயே அரைக்கிறோம்.

மூன்றாவது, பொடிப் பாக்கெட். கவரின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாவிட்டால் சேர்மானப் பட்டியல் அதில் இருக்க வேண்டியதில்லை. பெரிய வெளிப் பெட்டியில் இருந்தால் போதும். பள்ளியில் பிறந்தநாள் குழந்தை நீட்டும் மிட்டாயும் குட்டி சாக்லேட்டும் பெரும்பாலும் இந்த அளவுதான். வெளிப் பெட்டி பெட்டிக்கடையிலேயே தங்கிவிடும். உறையில் எதுவும் எழுதியில்லை என்றால் ‘எதுவும் இல்லை’ என்று ஆசிரியை நினைத்துக்கொள்வது இயல்பு. எங்கள் மகளின் வகுப்பாசிரியையிடம் ஒரு டப்பா கொடுத்து வைத்திருக்கிறோம். யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பதில் டப்பாவிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்வாள். வாங்கியது வீட்டுக்கு வரும், அண்ணன் தின்றுவிடுவான். அவனுக்கு இந்த ஏற்பாட்டில் எந்தக் குறையும் இல்லை.

எதிர்பாராத இடத்திலிருந்து வருபவை என்று இரண்டைச் சொல்ல வேண்டும். சில நூடுல்ஸ்களின் மசாலாப் பொடியில் ‘ஹைட்ரோலைஸ்டு கிரவுண்ட்நட் புரோட்டீன்’ என்று இருக்கும். அது நிலக்கடலைப் புரதம், சுவையூட்டச் சேர்ப்பது. நூடுல்ஸில் கடலை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? இன்னொன்று, சூடாக்கித் தின்னும் குருமா, மக்கானி வகைப் பாக்கெட்டுகள். அந்தக் குழைவுக்குப் பெரும்பாலும் முந்திரி விழுதுதான் காரணம். இரண்டுமே ஒளிந்திருப்பவை அல்ல, பட்டியலில் பளிச்சென்று இருப்பவை. பட்டியலைப் படிக்காதவர்களுக்குத்தான் ஒளிந்திருக்கின்றன.

வெளிநாட்டு சாக்லேட். துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ சித்தப்பா வரும்போது பெட்டி நிறைய வரும், வேண்டாம் என்றால் மனத்தாங்கல். அங்கே லேபிள் படிக்கும் முறை வேறு. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் நம் ஊரைப் போல ‘கன்டெய்ன்ஸ்’ என்று தனி வரி இருக்காது. 14 அலர்ஜிப் பொருள்களின் பெயர்களைச் சேர்மானப் பட்டியலுக்குள்ளேயே தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுத்துக்காட்டுவார்கள். கீழே வரியைத் தேடிப் பழகிய கண், அது இல்லை என்றதும் ‘எதுவும் இல்லை’ என்று நினைத்துவிடும். அமெரிக்காவில் இரண்டில் ஏதாவது ஒன்று போதும்: பட்டியலுக்குள் சொல்லலாம், அல்லது ‘கன்டெய்ன்ஸ்’ வரி போடலாம். ஆகவே எந்த நாட்டுச் சரக்கானாலும் பட்டியலை முதலிலிருந்து படித்துவிடுவதே வழி. பிரலின், ஜியாண்டூயா, நூகா, மார்சிபான் என்ற பெயர்களைக் கண்டால் உள்ளே கொட்டை விழுது உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் துபாய் சாக்லேட்டில் பச்சையாகத் தெரிவது பிஸ்தா; எங்கள் வீட்டில் அது வாசற்படி தாண்டாது. நம் மொழியும் இங்கிலீஷும் இல்லாத கவர் என்றால் பேச்சே இல்லை.

இவ்வளவு படித்தும் லேபிளே தவறாகிப்போகும் நேரம் உண்டு. 2024 செப்டம்பரில் பிரிட்டனின் உணவுத் தர முகமை, நிலக்கடலை அலர்ஜி உள்ளவர்கள் கடுகு சேர்ந்த எந்த உணவையும் சாப்பிட வேண்டாம் என்று அறிவித்தது. இந்தியாவிலிருந்து போன கடுகில் நிலக்கடலை கலந்திருந்தது. அந்தக் கடுகு மசாலாக் கலவைகளுக்குள் போய், அங்கிருந்து சாலட்டுக்கும் சாண்ட்விச்சுக்கும் சாஸுக்கும் போய், பல சரக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த சாண்ட்விச் செய்தவர் நிலக்கடலையை ஆலைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார். அவருடைய கவரில் எழுதியது எல்லாம் அவருக்குத் தெரிந்தவரை உண்மை. அதற்குப் பத்தாண்டு முன்பு அமெரிக்காவில் சீரகப் பொடியில் இதே கதை நடந்தது. 2014 கடைசியில் தொடங்கி நூற்றுக்கணக்கான சரக்குகளைத் திரும்ப எடுத்தார்கள். இந்த இரண்டையும் படித்த பிறகு மசாலாப் பொடி வாங்குவதை நிறுத்திவிட்டேன். முழுசாக வாங்கி, புடைத்து, வறுத்து அரைப்பது. இதில் பத்து நிமிஷம் கூடப் போகும். சாம்பார் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்பது உபரி.

இனி அத்தையின் கேள்வி. எதைத்தான் தின்கிறது? எச்சரிக்கை போட்டதை எல்லாம் விலக்க வேண்டுமா, சிலவற்றை அனுமதிக்கலாமா என்பதில் மருத்துவர்களே ஒருமித்துப் பேசுவதில்லை. குழந்தைக்கு முன்பு எவ்வளவு சிறிய அளவில் எதிர்வினை வந்தது, ஆஸ்துமா இருக்கிறதா, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதைப் பார்த்துச் சொல்வார்கள். உங்கள் டாக்டரிடம் ‘மே கன்டெய்ன் சரக்கைக் கொடுக்கலாமா’ என்று நேராகவே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த பதில் ‘வேண்டாம்’. காய்ச்சல், சளி இருக்கும் நாள்களிலும் ஓடி விளையாடிக் களைத்திருக்கும்போதும் வழக்கத்தைவிடக் குறைந்த அளவே எதிர்வினையைக் கிளப்பிவிடலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். அதனால் ‘போன தடவை ஒன்றும் ஆகவில்லை’ என்ற சான்றிதழ் எங்கள் வீட்டில் செல்லாது.

ஆகவே ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் இருக்கிறது. சரக்கின் பெயர், எந்த ஆலை எழுத்து, கம்பெனி பதில் சொன்ன மாதம். நீண்ட பட்டியல் இல்லை: இரண்டு வகை பிஸ்கட், ஒரு ரொட்டி, ஒரு சாக்லேட், ஓர் ஐஸ்க்ரீம், சில மாவுகள். சாக்லேட் கிடைக்கத்தான் ரொம்ப நாள் ஆனது. கொட்டையே நுழையாத ஆலை என்று எழுதிக் கொடுத்த கம்பெனி ஒன்றுதான் அகப்பட்டது. விலை கொஞ்சம் அதிகம். அதே சாக்லேட்டின் பெரிய பரிசுப் பெட்டி தீபாவளிக்கு வந்தபோது கவரைப் பார்த்தேன்: முகவரி வேறு, உரிம எண் வேறு, கீழே ‘மே கன்டெய்ன் நட்ஸ்’. சின்ன பார் தாளில் இருக்கிறது, பெட்டி இல்லை. மகளுக்கு இன்னும் முழுதாக வாசிக்க வரவில்லை, ஆனால் பேட்ச் எண்ணின் முதல் எழுத்தைத் தேடத் தெரியும். கடையில் பாக்கெட்டை எடுத்ததும், “அம்மா, இது டியா?” என்கிறாள். அண்ணாச்சிக்கும் பழகிவிட்டது; இப்போதெல்லாம் டி பாக்கெட்டுகளைத் தனியாக எடுத்து வைக்கிறார். போன வாரம் மட்டும் அப்படி எடுத்து வைத்ததில் பேட்ச் எண் ‘ஈ’யில் தொடங்கியது. கவரில் புதிதாக ஐந்தாவது முகவரி ஒன்று சேர்ந்திருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பியாயிற்று, பதில் வரும்வரை பிஸ்கட் அண்ணனுக்கு.